தலைக்கு மேல் பத்து மில்லிமீட்டர்: சீலிங் பூச்சும் சுவர்ப் பூச்சும்

புதிய வகுப்பறைக்கான மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தால், பூச்சு வேலைக்கு இரண்டு தனித்தனி வரிகள் இருக்கும். தமிழ்நாடு பொதுப்பணித் துறை முறையில் சுவருக்குப் பொதுவாக ஒன்றுக்கு ஐந்து கலவையில் 12 மி.மீ. கனம் என்று எழுதுவார்கள். அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல். தளத்தின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், சன்ஷேடு ஆகியவற்றுக்கு ‘சிறப்பு சீலிங் பூச்சு’ என்று தனியாக ஒரு வரி வரும். அதில் கலவை ஒன்றுக்கு மூன்று, கனம் 10 மி.மீ. மத்தியப் பொதுப்பணித் துறை இன்னும் ஒரு படி போய், ஒன்றுக்கு மூன்று கலவையில் வெறும் 6 மி.மீ. கனத்தையே சீலிங்குக்கு வைத்திருக்கிறது.

சுவர்ப் பூச்சைவிடச் சீலிங் பூச்சில் சிமெண்ட் அதிகம், கனம் குறைவு. இந்த இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பது புரிந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் வேலையைப் பார்வையிடும் ஆசிரியருக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சுவர்ப் பூச்சு பெயர்ந்தால் பெரும்பாலும் சுவரோரம் கொட்டும். சீலிங் பூச்சு பெயர்ந்தால் கீழே பெஞ்சில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சுவரும் தளமும் ஒன்றல்ல

செங்கல் சுவர் பூச்சுக்கு மிகவும் ஒத்துழைக்கும் பரப்பு. செங்கல் தண்ணீரை உறிஞ்சும். அப்போது சிமெண்ட் கலந்த ஈரமும் அதன் நுண்துளைகளுக்குள் போய் அங்கேயே இறுகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சற்று உள்வாங்கிய இணைப்பு வரிகளில் கலவை புகுந்து கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். பூச்சின் எடை சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுக்கிறதே தவிர, சுவரிலிருந்து வெளியே இழுப்பதில்லை. அதோடு செங்கல் வரிசையில் மேடு பள்ளம் இருக்கும். அதை மூடி நேராக்க 12 மி.மீ. கனமாவது தேவைப்படும்.

கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கம் இதற்கு நேர்மாறு. இரும்புச் சீட்டின் மேல் கான்கிரீட் ஊற்றி வார்த்திருப்பதால் அது வழவழப்பாக இருக்கும். சீட்டில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவிய எண்ணெய் அதன்மேல் படிந்திருக்கும். நல்ல கான்கிரீட் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. இணைப்பு வரிகளும் இல்லை. எடையோ பரப்பை விட்டு நேராகப் பிரிக்கும் திசையில் இழுக்கிறது.

ஒரு விதியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு தான் ஒட்டும் பரப்பைவிட வலுவாக இருக்கக் கூடாது. நம் செங்கல் சுவரில் ஒன்றுக்கு மூன்று கலவையைக் கனமாகப் பூசினால், சுருங்கும் பூச்சு செங்கல்லின் மேல்தோலையே பிய்த்துக்கொண்டு வரலாம். அதனால்தான் சுவருக்குச் சிமெண்டைக் குறைக்கிறோம். கான்கிரீட் தளம் வலுவானது. ஒன்றுக்கு மூன்று கலவையை அது தாங்கும்.

எடையால் விழுகிறதா?

‘கனமாகப் பூசினால் எடை தாங்காமல் விழுந்துவிடும்’ என்று சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 10 மி.மீ. பூச்சு என்பது 0.01 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சிமெண்ட் பூச்சு சுமார் 2,100 கி.கி. எடை இருக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டர் பூச்சின் எடை 21 கி.கி.

இதைத் தாங்க எவ்வளவு பிடிப்பு வேண்டும்? ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டன் என்ற மிதமான பிடிப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 22 மி.மீ., பரப்பு சுமார் 380 சதுர மில்லிமீட்டர். அந்த அளவு இடம் நன்றாக ஒட்டியிருந்தாலே 76 நியூட்டன், அதாவது ஏழரைக் கிலோவுக்கு மேல் தாங்கும். மூன்று நாணய அளவு இடம் ஒட்டியிருந்தால் ஒரு சதுர மீட்டர் பூச்சின் முழு எடைக்கும் போதும். இறுகிய பிறகு எடை என்பது பெரிய எதிரி இல்லை.

அப்படியானால் பெரிய பெரிய பாளமாக ஏன் விழுகிறது? காரணம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பூச்சு ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரம். இன்னொன்று, அது காய்ந்து சுருங்கும் காலம்.

ஈரக் கலவைக்கு மேலே சொன்ன பிடிப்பு எதுவும் கிடையாது. பிசுபிசுப்பால் மட்டுமே அது தொங்குகிறது. அந்த நேரத்தில் 25 மி.மீ. கனமாக அப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் தொங்கும். கலவை கீழே விழாவிட்டாலும் மயிரிழை அளவு தொய்யும். கொத்தனார் மட்டக்கட்டையால் மறுபடி அழுத்திச் சமன் செய்துவிடுவார். கீழிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் தளத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பூச்சு எந்நாளும் ஒட்டப்போவதில்லை.

ஒன்றுக்கு ஐந்து கலவைக்கு இந்த ஈரநிலைப் பிசுபிசுப்பு குறைவு. மணலுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்பிய பிறகு பரப்போடு ஒட்டுவதற்கு அதில் சிமெண்ட் பசை போதுமான அளவு மிஞ்சுவதில்லை. சீலிங்குக்குச் சிமெண்டைக் கூட்டுவது இதனால்தான்.

ஆனால் சிமெண்டைக் கூட்டினால் சுருக்கமும் கூடும். கனம் ஏன் குறைய வேண்டும் என்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். கோடையில் வற்றிய குளத்தைப் பாருங்கள். வண்டல் தடிமனாகப் படிந்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் மேலே சுருண்டு நிற்கும். அதே சேறு ஒரு கல்லின் மேல் மெல்லிய படலமாகக் காய்ந்திருந்தால் வெடிக்காமல் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். மண் ஒன்றுதான், கனம்தான் வேறு. காயும் படலம் சுருங்க முயலும்போது அடியில் உள்ள பரப்பு அதைத் தடுக்கிறது. அப்போது உண்டாகும் இழுவிசை கனத்துக்கு ஏற்பக் கூடும். அந்த விசை ஓரங்களிலும் விரிசல்களிலும்தான் குவியும். முழுவதும் ஒட்டிய பிளாஸ்திரியை நேராக இழுத்தால் வராது, ஓரத்தைக் கிள்ளி உரித்தால் எளிதாக வந்துவிடும் அல்லவா? கனமான பூச்சு தன் ஓரத்தைத் தானே அப்படி உரித்துக்கொள்கிறது. ஈரநிலையில் விழுந்த இடைவெளியும் பக்கத்தில் இருந்தால் வேலை இன்னும் எளிது.

ஆக, மெல்லிய கனமும் செறிந்த கலவையும் ஒன்றுக்கொன்று துணை. கலவை மட்டும் செறிந்து கனம் கூடினால் உரியும். கனம் மட்டும் மெலிந்து சிமெண்ட் குறைந்தால் ஒட்டவே ஒட்டாது. ‘பாதுகாப்புக்காக இரண்டு மூட்டை சிமெண்ட் சேர்த்து, இன்னும் கொஞ்சம் கனமாக அடித்துவிடுங்கள்’ என்று நல்லெண்ணத்தில் சொல்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை.

ஒரு வகுப்பறைக் கணக்கு

20 அடிக்கு 20 அடி உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 400 சதுர அடி, அதாவது சுமார் 37.2 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் கனத்துக்கு 0.372 கன மீட்டர் கலவை வேண்டும். ஒன்றுக்கு மூன்று கலவையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 480 கி.கி. சிமெண்ட் பிடிக்கும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. ஆகவே தேவை ஏறத்தாழ 179 கி.கி., அதாவது மூன்றரை மூட்டையும் கொஞ்சமும்.

இதே சீலிங்கைச் சுவர்க் கலவையில், 12 மி.மீ. கனத்தில் பூசிவிட்டால்? கலவை 0.446 கன மீட்டர். ஒன்றுக்கு ஐந்தில் கன மீட்டருக்கு 288 கி.கி. என்றால் சிமெண்ட் சுமார் 129 கி.கி., இரண்டரை மூட்டை. ஒரு வகுப்பறையில் மிச்சமாவது ஒரே ஒரு மூட்டை சிமெண்ட். கலவையைத் தனியாகப் போடாமல் சுவருக்குப் போட்டதையே மேலேயும் எடுத்துக்கொள்ளும் சௌகரியம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

சரியான விகிதத்தில் கலக்கிறார்களா என்று ஆய்வகம் இல்லாமலே பார்க்கலாம். 50 கி.கி. மூட்டைச் சிமெண்டின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். ஒன்றுக்கு மூன்று என்றால் ஒரு மூட்டைக்கு 105 லிட்டர் மணல். ஒன்றுக்கு ஐந்து என்றால் 175 லிட்டர். மணல் அள்ளும் இரும்புச் சட்டி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். 15 லிட்டர் என்றால், சீலிங் கலவைக்கு மூட்டைக்குத் தலைதட்டி ஏழு சட்டி. சுவர்க் கலவைக்குப் பன்னிரண்டு சட்டிக்குச் சற்றுக் குறைவு. சட்டியைக் குவித்து அள்ளினால் கணக்கு மாறிவிடும் என்பதால், தலைதட்டி அள்ளச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுக்கலாம்.

மணலும் தண்ணீரும்

பத்து மில்லிமீட்டர் கனத்துக்குள் பருமணல் குறுணை மாட்டினால், மணியாசுக் கட்டை தேய்க்கும்போது அது உருண்டு கோடு கிழிக்கும். கோட்டை மூட மறுபடி கலவை வைப்பார்கள், கனம் கூடும். ஆகவே சீலிங்குக்கு நன்றாகச் சலித்த மணல் வேண்டும். ஆற்று மணல் அரிதாகிவிட்ட நிலையில் நம் பகுதியில் கிரஷர் மணல்தான் பெரும்பாலும் வருகிறது. அதில் கான்கிரீட்டுக்கான எம் சாண்ட் வேறு, பூச்சுக்கான பி சாண்ட் வேறு. சீலிங்குக்குத் தேவையானது கழுவிய பி சாண்ட்.

கல்தூளோ களிமண்ணோ மிகுந்திருந்தால், அது சிமெண்டுக்கும் தளத்துக்கும் நடுவில் புகுந்து பிடிப்பைக் கெடுக்கும். இதைச் சோதிக்க ஓர் அளவுச் சாடி போதும். பாதி அளவு உப்புக் கரைசலில் மணலைப் போட்டு, நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே மணலும் அதற்கு மேல் தூளும் தனித்தனிப் படிவாகத் தெரியும். மணல் 100 மி.லி. உயரத்துக்கும் தூள் 6 மி.லி. உயரத்துக்கும் இருந்தால் தூள் ஆறு விழுக்காடு. எட்டு விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும் என்பது களத்தில் கொள்ளும் வரம்பு.

திருப்பூர்ப் பகுதியில் தண்ணீரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் பருத்தி இழையில் பிடிக்கச் சாதாரண உப்பையோ சோடியம் சல்ஃபேட்டையோ மிகுந்த அளவில் சேர்க்கிறார்கள். பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்து நிலத்தடி நீரை உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், பிறகு கழிவுநீரே வெளியேறாத முறை கட்டாயமானதும் நமக்குத் தெரியும். ஆனால் நிலத்தில் இறங்கிய உப்பு ஒரே நாளில் வெளியேறுவதில்லை.

உப்புத் தண்ணீரில் கலந்த பூச்சு காயும்போது, தண்ணீர் ஆவியாகி உப்பு படிகமாக மிஞ்சும். அது பரப்பில் வெள்ளையாகப் பூத்தால் கண்ணுக்குத் தெரியும். பூச்சுக்கும் தளத்துக்கும் நடுவில் படிந்தால் தெரியாது. அங்கே படிகம் வளர்ந்து பூச்சை மெல்லத் தள்ளும். குளோரைடு இன்னும் மோசமானது. ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அது கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி இட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அந்தத் தளத்திலேயே ஒட்டப்போகும் பூச்சுக்கும் அதே வரம்பைக் கொள்வது நல்லது. வாயில் வைத்தால் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது.

வேலை நடக்கும் வரிசை

முதல் வேலை கொத்திவிடுவது. சென்ட்ரிங் பிரித்த உடனே, கான்கிரீட் இன்னும் முழு வலுவை அடையாத நாட்களில் கொத்துவது எளிது. சென்ட்ரிங் சீட் இடுக்கில் வழிந்து நிற்கும் கான்கிரீட் பிசிறுகளை உடைத்து எடுத்துவிட்டு, கூரிய உளியால் பரப்பு முழுவதும் பொளிய வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பு இதற்குத் தெளிவான அளவு தருகிறது: ஒரு பொளிக்கும் அடுத்த பொளிக்கும் இடைவெளி 50 மி.மீ.க்கு மிகாமல், ஆழம் 3 மி.மீ.க்குக் குறையாமல்.  அறையின் நடுவில் மட்டும் கொத்தி ஓரங்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். உரிதல் தொடங்குவது ஓரங்களில்தான் என்பதால், பார்வையிடும்போது முதலில் மூலைகளைப் பார்க்க வேண்டும்.

பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய்ப் பசையும் தூசியும் போகக் கழுவ வேண்டும். பரப்பு ஈரமாக இருக்கலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. பூசுவதற்குச் சற்று முன்பு சிமெண்ட் பாலைத் தூரிகையால் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே கலவையை வீசி அழுத்த வேண்டும். அறை முழுவதற்கும் காலையில் பால் அடித்துவிட்டு மதியம் பூசினால், காய்ந்த பால் பவுடர் படலமாகி, ஒட்ட வைப்பதற்குப் பதில் பிரித்துவிடும். கை எட்டும் அளவு இடத்துக்குப் பால், உடனே பூச்சு என்று நகர்வதே முறை. தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது கூடாது.

தளத்தின் அடிப்பக்கமே மேடு பள்ளமாக இருந்தால் என்ன செய்வது? சென்ட்ரிங் தொய்ந்து, ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது உண்டு. ரசமட்டத்துக்குச் சரியாக வர வேண்டும் என்று பள்ளத்தில் 25, 30 மி.மீ. கலவையை நிரப்புவதில்தான் பிற்காலப் பாளங்கள் பிறக்கின்றன. துருத்திய மேட்டைக் கொத்திக் குறைக்கலாம், ஆனால் கம்பிக்கு மேல் உள்ள மூடு கான்கிரீட்டைக் குறைத்துவிடாமல் பொறியாளர் சொல்லும் அளவுக்கு மட்டும். மீதிக்குத் தளத்தின் போக்கிலேயே மெல்லிய பூச்சு போகட்டும். வகுப்பறை சீலிங் கண்ணாடிபோல் மட்டமாக இருக்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் நன்றாக அமைந்து அடிப்பக்கம் ஒழுங்காக வந்திருந்தால், பூச்சே போடாமல் பிசிறு தேய்த்து வெள்ளையடிப்பதும் ஒரு நல்ல வழிதான். இல்லாத பூச்சு விழாது. ஆனால் மதிப்பீட்டில் உள்ள வேலையை விடுவது பொறியாளரின் எழுத்துப்பூர்வ முடிவாக இருக்க வேண்டும்.

சீலிங்கை முடித்த பிறகே சுவரைப் பூச வேண்டும். இரண்டும் சேரும் மூலையில், சுவர்ப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரண்டி முனையால் ஒரு நேர்கோடு கிழித்து இரண்டையும் பிரித்துவிடுவார்கள். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது சுவர்ப் பூச்சு சீலிங் பூச்சை இழுக்காமல் இருக்க இந்தக் கோடு உதவும்.

பூசி 24 மணி நேரம் கழித்து நனைக்கத் தொடங்கி, ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். சுவரைவிட இது கடினம். சீலிங்கில் தண்ணீர் நிற்காது, சாக்கும் கட்ட முடியாது. கைத்தெளிப்பானால் ஒரு நாளில் பல முறை மெல்லியதாகத் தெளிப்பதே வழி. நம் பகுதியில் ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பல்லடம், உடுமலை வரை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பத்து மில்லிமீட்டர் பூச்சையும் அது சில மணி நேரத்தில் காய வைத்துவிடும். ஆடிக் காற்றில் பூச நேர்ந்தால், ஜன்னல் திறப்புகளைத் தார்ப்பாயால் மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பழைய சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது

பிடிப்பு விட்ட இடத்தைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, காதால் முடியும். நீளமான மூங்கில் கம்பின் நுனியால் ஓர் அடி இடைவெளியில் லேசாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டிய இடம் ‘டொக்’ என்று கல்லைப்போல் ஒலிக்கும். பிடிப்பு விட்ட இடம் காலிப் பானையைத் தட்டியதுபோல் ‘பொத்’ என்று ஒலிக்கும். வகுப்பில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தட்டும் இடத்துக்கு நேர்கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நின்று, தலைக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிப் பிறகு ஒட்டுப் போட்ட இடம், மாடியிலிருந்து மழைநீர் கசிந்த கறை, குளத்து வண்டல்போல் வலைப்பின்னலாக விரிசல் விட்ட இடம் ஆகியவற்றை முதலில் தட்டுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை தட்டி, ஒலி மாறிய இடங்களை அறையின் வரைபடத்தில் குறித்துவைத்தால், பரப்பு வளர்கிறதா என்று தெரியும்.

ஏற்கெனவே விழுந்திருந்தால், விழுந்த துண்டையும் விழுந்த இடத்தையும் பாருங்கள். துண்டு தட்டையான ஓடுபோல் இருந்து, மேலே வழவழப்பான சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்தால் அது பூச்சின் பிடிப்புக் குறை. பிடிப்பு விட்ட பகுதி முழுவதையும் தட்டி இறக்கிவிட்டு, பொளிந்து, மெல்லியதாக மறுபடி பூசலாம். விழுந்த ஓட்டையை மட்டும் அடைத்தால், அதன் ஓரத்தில் இருக்கும் ஒட்டாத பூச்சு அடுத்த மழைக்கு விழும்.

ஆனால் துண்டு கட்டியாக இருந்து, அதில் ஜல்லி தெரிந்து, மேலே பழுப்பேறிய கம்பி தென்பட்டால் விஷயம் வேறு. கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டையே தள்ளியிருக்கிறது. விழுவதற்கு முன்பே கம்பி ஓடும் வரிசையில் நேர்நேரான பழுப்புக் கோடுகளும் விரிசல்களும் பெரும்பாலும் தெரியும். ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் தளத்துக் கம்பிக்குக் கேட்கும் 20 மி.மீ. மூடு கான்கிரீட்டின் கணக்கில் பூச்சைச் சேர்க்க முடியாது. அதனால் துருவின் மேல் எவ்வளவு நல்ல சிமெண்டைப் பூசினாலும் கம்பி அடியில் பருத்துக்கொண்டே போகும், பூச்சு அதை நம் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்யும். அந்த அறைக்குக் கொத்தனாரை அழைக்கக் கூடாது. பிள்ளைகளை அன்றே வேறு அறைக்கு மாற்றி, கதவைப் பூட்டி, புகைப்படத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொறியாளர் பார்த்து எழுதித் தரும் வரை அந்த அறையில் வகுப்பு நடத்தக் கூடாது, தேர்வு எழுத வைக்கவும் கூடாது.